சின் டக் செய்தால் தாடை எடுப்பாகுமா, மடிப்பு விழுமா?

"வயசு 29. போடியில ஏலக்காய் கிட்டங்கியில காய் பொறுக்குற வேலை. உயரம் 158 செ.மீ., எடை 51 கிலோ. அண்ணன் மக காதுகுத்து போட்டோவுல எனக்கு ரெட்டைத் தாடை தொங்குது. கண்ணாடியில அப்படித் தெரியல. ஒரு வீடியோவுல சின் டக் செய்யச் சொல்றாங்க, இன்னொண்ணுல தாடையை உள்ள இழுத்தாத்தான் டபுள் சின் வரும்ங்கிறாங்க. செஞ்சு பார்த்தா, செய்யும்போதே மடிப்பு விழுது. எதை நம்புறது? தைராய்டா இருக்கும்னு மதினி பயமுறுத்துறாங்க. பக்கவாட்டுல எடுத்த போட்டோவும் அனுப்பியிருக்கேன்." – வாசகி, போடிநாயக்கனூர்

இரண்டு வீடியோவும் பொய் சொல்லவில்லை. தலையைப் பின்னுக்கு நகர்த்துவது ஒரு அசைவு. தாடையை நெஞ்சை நோக்கி இறக்குவது வேறொரு அசைவு. இரண்டையும் 'சின் டக்' என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

தாடைக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள். முகவாய் நுனியிலிருந்து கழுத்துப் பக்கம் விரலை நகர்த்திக்கொண்டே போனால், கழுத்து கீழே திரும்பும் மூலையில் சின்னதாக ஓர் எலும்பு தட்டுப்படும். எச்சில் விழுங்கினால் அது மேலே ஏறி இறங்கும். அதுதான் நாவடி எலும்பு. முகவாயிலிருந்து அதுவரை இருப்பதை ஒரு கூரை என்றும், அதிலிருந்து நெஞ்சுக்குழி வரை இறங்குவதை ஒரு சுவர் என்றும் வைத்துக்கொள்வோம். கூரையும் சுவரும் சேரும் மூலை ஏறக்குறைய 105 முதல் 120 டிகிரிக்குள் இருந்தால் தாடையின் ஓரம் எடுப்பாகத் தெரியும். அந்த ஓரத்துக்குக் கீழே நிழல் விழுவதால்தான் நம் கண்ணுக்கு அது ஒரு கோடாகப் படுகிறது. மூலை விரிந்துபோனால் நிழலும் போய்விடும், கோடும் போய்விடும்.

தலையைக் கீழே இறக்கும்போது முகவாய்க்கும் தொண்டைக்கும் உள்ள தூரம் குறைகிறது. அண்ணாந்து பார்க்கப் போதுமான அளவு தோல் அங்கே எப்போதும் இருந்தாக வேண்டும். தூரம் குறைந்ததும் அந்த உபரித் தோலும், அதோடு ஒட்டிய கொழுப்பும், கீழே இருக்கும் மெல்லிய தசையும் போக இடமில்லாமல் வெளியே பிதுங்குகின்றன. பாதி நிரம்பிய சாக்கை நடுவில் வளைத்தால் உள்பக்கம் விழுகிற மடிப்பு மாதிரிதான் இதுவும். ஒல்லியானவருக்கும் விழும், கைக்குழந்தையைக் குனிந்து கொஞ்சும்போது யாருக்கும் விழும்.

தலை முன்னால் தள்ளி நிற்பது வேறு சங்கதி. அப்போது கழுத்தின் அடிப்பகுதி முன்னால் சாய்கிறது. பார்வை தரையில் விழாமல் இருக்க, மண்டையின் அடிப்பகுதி பின்னுக்கு மடிந்து முகத்தைத் தூக்கிக்கொள்கிறது. சுவர் சாய்ந்துவிட்டதால் மூலை விரிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் முகவாயிலிருந்து நெஞ்சு வரை ஒரே சரிவு. ஆனால் இங்கே தோல் இழுபட்டுத்தான் இருக்கிறது, மடிப்பு இல்லை. அதனால் நேர் எதிரில் நின்று எடுத்த போட்டோவில் இதே நிலை தாடையைக் கூர்மையாகக்கூடக் காட்டும். "முகத்தைக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவாங்க" என்று கல்யாண போட்டோகிராஃபர் சொல்வது இதற்காகத்தான். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று போடும் விளம்பரப் படங்களை நம்பும் முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தலை இரண்டு விரல்கடை முன்னே வந்தாலே, ஒன்றுமே செய்யாத தாடையும் 'குணமாகி'விடும்.

உங்கள் படங்களுக்கு வருவோம். காதுகுத்துப் படத்தில் குழந்தையைப் பார்த்துக் குனிந்திருக்கிறீர்கள், எடுத்தவர் பாயில் உட்கார்ந்து போனைக் கீழிருந்து பிடித்திருக்கிறார். மடிப்பு விழ அது போதும். பக்கவாட்டுப் படத்தில் காதுத் துளை தோள்பட்டை நுனிக்கு நேர் மேலே இல்லை. மூன்று நான்கு விரல் முன்னால் இருக்கிறது. மேல்முதுகும் லேசாகக் கூனியிருக்கிறது. முகவாய் கீழுதட்டுக்கு நேராகவே இருப்பதால், 'தாடை எலும்பு சிறியது' என்ற காரணத்தை விட்டுவிடலாம். உங்கள் உயரத்துக்கு இந்த எடை சரியானதுதான். இன்னும் குறைக்க வேண்டியதில்லை.

மீதியை நீங்கள்தான் பார்க்க வேண்டும். போனை உங்கள் கண் உயரத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி ஓர் அலமாரியில் நிறுத்துங்கள். கைக்கு எட்டும் தூரத்திலிருந்து எடுத்தால் முகம் கோணலாக விழும். பக்கவாட்டில் நின்று மூன்று படம் எடுங்கள்: வழக்கமாக நிற்பது போல ஒன்று, தட்டில் காய் பார்ப்பது போலக் குனிந்து ஒன்று, காதுத் துளையும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கத் தலையைச் சற்றே பின்னால் நகர்த்தி ஒன்று. மூன்றாவது படத்தில் மடிப்பு காணாமல் போனால் அது நிற்கும் விதத்தால் வந்தது. அதிலும் தங்கியிருந்தால், மடிப்பை இரு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, பல் தெரிய 'ஈ' என்று கழுத்தில் நரம்பு புடைத்துத் தெரியுமளவு இறுக்குங்கள். அப்போதும் விரலுக்குள் கனமாக நிற்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. கையில் ஒன்றும் சிக்காமல், மூலை மட்டும் மழுங்கலாக இருந்தால் நாவடி எலும்பு பிறவியிலேயே தாழ்வாக இருக்கலாம். இந்த இரண்டையும் எந்தப் பயிற்சியும் மாற்றாது. நிமிர்ந்து நின்றால் கொழுப்பு கரையும் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

மதினியின் பயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. கண்ணாடி முன் தலையை லேசாக அண்ணாந்து, ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். தைராய்டு வீக்கம் தொண்டையின் கீழ்ப்பாதியில், நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே இருக்கும். விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும். முகவாய்க்கு அடியில் விழும் மடிப்பு இருக்கும் இடமே வேறு. அப்படி ஏறி இறங்கும் வீக்கம் தெரிந்தாலோ, தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கட்டி தட்டுப்பட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி பயிற்சி. செய்யும்போது மடிப்பு விழுவது தவறே இல்லை. கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் சிறு தசைகளுக்கு வேலை கொடுக்கத்தான் அந்த அசைவு. கையில் வெயிட் தூக்கிப் பழகுகிறவர் முழங்கையை மடக்கியபடியே நாள் முழுக்க நடப்பதில்லை. பயிற்சியின் கடைசி நிலையை 'சரியான நிலை' என்று நினைத்து அப்படியே நிற்கத் தொடங்குவதுதான் சிக்கல். அப்படி நின்றால் மடிப்பு நிரந்தர விருந்தாளி ஆகிவிடும்.

முதல் இரண்டு வாரம் படுத்துச் செய்யுங்கள். தலையணை வேண்டாம், துண்டை 2 செ.மீ. உயரத்துக்கு மடித்துப் பின்தலைக்கு அடியில் வைத்து, முகம் கூரைக்கு இணையாக இருக்கும்படி படுங்கள். இப்போது 'ஆமா' என்று சொல்வது போல மிக மெதுவாகத் தலையாட்டல். பின்தலை துண்டிலிருந்து எழும்பக் கூடாது, துண்டின் மேல் வழுக்கிப் போனால் போதும். 5 விநாடி நிறுத்தி விடுங்கள், 6 தடவை. நாளுக்கு நாள் கூட்டி 10 விநாடியில் 10 தடவைக்கு வாருங்கள். இடது கை விரல்களைக் காதுக்குப் பின்னிருந்து காறை எலும்புக்கு ஓடும் தடித்த தசையின் மேல் வைத்திருங்கள். அது கயிறு போல விறைத்தால் பலம் அதிகம், அசைவைக் குறைக்க வேண்டும். பல்லைக் கடிப்பதும், மூச்சைப் பிடிப்பதும் அதே தவறின் வேறு முகங்கள்.

அது பழகிய பிறகு சுவரில் முதுகு சாய்த்து நின்று செய்யலாம். குதிகால் சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி, பிட்டமும் மேல்முதுகும் சுவரில். கண் ஒரே மட்டத்தில் இருக்க, மேசை இழுப்பறையைத் தள்ளி மூடுவது போலத் தலையை நேர் பின்னுக்கு நகர்த்துங்கள். முகவாயைத் தூக்கினால்தான் பின்தலை சுவரைத் தொடுகிறது என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். மேல்முதுகு இறுகியிருக்கிறது என்று அர்த்தம். சுருட்டிய துண்டைத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே குறுக்கே வைத்து, ஐந்து நிமிடம் மல்லாந்து படுப்பதை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் மரமரப்பு, குத்தல், தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு நேரில் காட்ட வேண்டும்.

அன்றாடம் நிற்க வேண்டிய இடம், உங்களால் பின்னே போக முடிந்த தூரத்தில் பாதி. முழுதாக இழுத்து, அதிலிருந்து பாதியைத் தளர்த்தி விடுங்கள். அந்த இடத்தில் முகவாய் இறங்கியிருக்காது, கழுத்துச் சுவரும் நிமிர்ந்திருக்கும். மூலை எடுப்பாகத் தெரிவது அங்கேதான்.

ஆனால் 10 நிமிடப் பயிற்சியை 8 மணி நேரக் குனிவு தின்றுவிடும். 8 மி.மீ. காயையும் 7 மி.மீ. காயையும் பிரித்து, வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் தள்ள, கண் காய்க்குப் பக்கத்தில் போகத்தான் செய்யும். தரையில் உட்கார்ந்து வேலை என்றால் தட்டை ஒரு சாண் உயரப் பலகையில் வையுங்கள். குனிவது இடுப்பிலிருந்து இருக்கட்டும். கழுத்தை மடக்குவதற்குப் பதில் கண்ணைத் தாழ்த்துங்கள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே தட்டில் விழும், தலை தானாக முன்னே போகும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி இடம் மாறுங்கள். அதற்குப் பிறகும் காய் மங்கலாகத் தெரிந்தால் கழுத்தை விட்டுவிட்டுக் கண்ணைச் சோதியுங்கள். குமுளிப் பக்கம் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருபவர்கள் போகும்போதும் வரும்போதும் மடியில் போனை வைத்துப் பார்ப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

இரவில் இரண்டு தலையணை வைத்தால் தாடை நெஞ்சில் இடித்தபடியே தூங்குவீர்கள். ஒன்று போதும். ஈறும் பல்லும் தேயக் கடிக்கச் சொல்லும் ரப்பர் பந்துகள் கன்னத்தின் பின்மூலைத் தசையைத்தான் பருக்க வைக்கும்; முகவாய்க்கு அடியில் அவற்றுக்கு வேலையே இல்லை.

ஆறு வாரம் கழித்து அதே அலமாரி, அதே தூரம், அதே உயரத்தில் முதல் படத்தை மட்டும், அதாவது வழக்கமாக நிற்பதை, திரும்ப எடுங்கள். காதுத் துளை தோள் நுனிப் பக்கம் ஒரு விரலாவது நகர்ந்திருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். குனிந்து எடுத்த படத்தில் மடிப்பு அப்படியேதான் இருக்கும். அது எல்லோருக்கும் இருப்பது. அதை அளக்க வேண்டாம்.