கொலனோஸ்கோபி யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 32. அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா, 66 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வயிறு கடமுடவென்றாலே எனக்கும் அதுதானோ என்று பயம். மூன்று ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோபி, இரண்டு தடவை ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டேன். எல்லாம் நார்மல் என்கிறார்கள். கடைசி ஸ்கேனில் மட்டும் 7 மி.மீ. நிணநீர்க் கணு என்று போட்டிருக்கிறது. எடை 72 கிலோவிலிருந்து 70 ஆகிவிட்டது. சில நாள் காலையில் இளக்கமாகப் போகிறது. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபியும் சி.டி. ஸ்கேனும் எடுத்துவிடட்டுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நான் மருத்துவர் இல்லை. உங்கள் கடிதத்தையும் நீங்கள் இணைத்திருந்த ரிப்போர்ட்டுகளையும் எனக்குத் தெரிந்த குடல்நோய் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சத்தம். பசித்த வயிறு சும்மா இருப்பதில்லை. சாப்பிட்டு முடித்துச் சில மணி நேரம் ஆனதும், ஏறக்குறைய ஒன்றரை இரண்டு மணிக்கு ஒரு முறை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடல் முழுக்க ஒரு பலமான அலை போகும். மிச்சம் மீதியையும் கிருமிகளையும் கீழே தள்ளிவிடுகிற துப்புரவு வேலை அது. உள்ளே திரவமும் காற்றும் கலந்து நகர்வதால் சத்தம் வருகிறது. நாலு வாய் சாப்பிட்டால் அந்த அலை நின்றுவிடும். பதினொரு மணிக்கு ஆபீஸ் அமைதியாக இருக்கும்போது கேட்பது பெரும்பாலும் இதுதான். காலையில் வெறும் வயிற்றில் பால் அதிகம் விட்ட டீ குடிக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி நம்மில் நிறையப் பேருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. பயமும் குடலை விரட்டும். தேர்வு நாளில் இரண்டு தடவை கழிப்பறைக்கு ஓடினோமே, அதே சங்கதிதான் காலை இளக்கத்துக்கும் காரணமாக இருக்கலாம்.

சத்தத்தை வைத்து டாக்டர்கள் சந்தேகப்படுகிற நிலை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டால் மற்றதை விட்டுவிடலாம். சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும். வயிற்றில் ஒரு பந்து உருள்வது மாதிரி மேடு கிளம்பும். வாந்தி வரப் பார்க்கும். பிறகு பெரிய சத்தத்தோடு காற்று நகர்ந்ததும் வலி சட்டென்று விட்டுவிடும். இது திரும்பத் திரும்ப வந்தால் குடலில் எங்கோ வழி குறுகியிருக்கிறது என்று பொருள். நம் ஊரில் குடல் காசநோய்க்கு இந்த முகம் உண்டு. சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் கூடவே வரும். வலியில்லாமல், வாந்தியில்லாமல், வீக்கமில்லாமல் வருகிற வெறும் கடமுடா இந்தக் கணக்கில் சேராது. உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் வலி என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் நீங்கள் விரலால் அழுத்திப் பார்த்த பிறகு.

அந்த அழுத்துவதை நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை அதே இடத்தை அழுத்தினால் தசையே நோகும். பிறகு அந்த நோவு புது அறிகுறியாகத் தெரியும். ஒல்லியானவர்களுக்கு இடது அடிவயிற்றில் பெருங்குடலின் கடைசிப் பகுதி கயிறு மாதிரி விரலில் உருளும். அதைக் கட்டி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை மாதா மாதம் பார்ப்பதாக டாக்டர் சொன்னார்.

எப்போதுதான் பரிசோதனை வேண்டும்? என் அத்தையின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு 54 வயதில் மலத்தோடு ரத்தம் போனது. மூலம் என்று அவராகவே முடிவு செய்தார். கடையில் மருந்து வாங்கித் தடவினார், மோர் குடித்தார், எட்டு மாதம் போயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசாயிற்று என்றார். கடைசியில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. பெருங்குடலில் கட்டி இருந்தது. அவருக்கு வயிற்றில் சத்தம் என்று எதுவும் இருக்கவில்லை, பெரிதாக வலியும் இல்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மூச்சு வாங்குகிறது என்று சொன்ன அன்றைக்கே ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கலாம்.

ஆகவே கவனிக்க வேண்டியது சத்தத்தை அல்ல, அதோடு வருகிறதா என்று சிலவற்றை. மலத்தில் ரத்தம், அல்லது தார் மாதிரி கறுத்து ஒட்டும் மலம். (முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தால் சிவக்கும், இரும்பு மாத்திரை போட்டால் கறுக்கும். அதை முதலில் நினைத்துப் பாருங்கள்.) ரத்தசோகை. ஆண்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று மேலும் கீழும் குழாய் விட்டுத் தேட வேண்டும். விடாத காய்ச்சல், விழுங்கச் சிரமம், நிற்காத வாந்தி. ஐம்பதை நெருங்கும் வயதிலோ அதற்கு மேலோ மலம் போகும் வழக்கம் புதிதாக மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பது. அந்த வயதுப் பெண்களுக்குப் புதிதாக வயிற்று உப்புசம் வந்து விடாமல் நீடித்தால் சினைப்பையையும் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இதில்தான் குழம்பியிருக்கிறீர்கள். ஆழ்ந்து தூங்குகிறவரை வலியோ பேதியோ உலுக்கி எழுப்பினால் அது எச்சரிக்கை. கவலையால் இரண்டு மணிக்கு விழித்து, படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டு, சத்தம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எச்சரிக்கை அல்ல. உங்களை எழுப்பியது வயிறு இல்லை.

இனி உங்கள் கணக்கு. எடை: தானாகக் குறைகிற எடையை, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் என்ற அளவை வைத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்கு அது 3.6 கிலோ. குறைந்தது 2. இந்த ஏழு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேயே இருக்கிறது. தினமும் காலையும் மாலையும் எடை பார்க்காதீர்கள். தண்ணீர், உணவு, மலம் இவற்றாலேயே ஒரு கிலோ ஏறி இறங்கும். மாதம் ஒரு முறை போதும். ஹீமோகுளோபின் இரண்டு தடவையும் 14-க்கு மேல். சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவும் சரியாக இருக்கிறது.

அந்த 7 மி.மீ. கணு: வயிற்றுக்குள் குடலைத் தாங்கும் சவ்வில் எல்லோருக்கும் நிணநீர்க் கணுக்கள் உண்டு. இன்றைய ஸ்கேன் கருவிகளுக்கு அவை தெரிகின்றன, தெரிந்ததை எழுதுகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இயல்பான வடிவத்தில் ஓரிரு சிறிய கணுக்கள். முதல் ஸ்கேனில் அது இல்லை என்பது புதிதாக முளைத்தது என்று ஆகாது. பார்த்த டாக்டர் வேறு, அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

சோதனை எடுக்க எடுக்க இப்படி ஏதாவது ஒன்று வந்துகொண்டுதான் இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று போடுகிற அளவு பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் உள்ளே வருகிற மாதிரி எல்லை போடுகிறார்கள். மீதி ஐந்து பேருக்கு நோய் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து வரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஆளுக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பேக்கேஜில் அறுபது எழுபது சோதனை இருக்கும், நீங்களே யோசியுங்கள். சி.டி. எடுத்தால் கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் ஒரு புள்ளி என்று வரலாம். அதைத் துரத்திக்கொண்டு அடுத்த ஏழு மாதம் போகும். வயிற்று சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையாக நாம் மூன்று வருடத்தில் வாங்குவதற்குச் சமம்.

நிம்மதியாவது கிடைக்குமே என்பீர்கள். நோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ளவர்களிடம் நடந்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் பார்த்தார்கள். பரிசோதனை நார்மல் என்று வந்த பிறகும் கவலை பெரிதாகக் குறையவில்லை. உங்கள் கடிதமும் அதைத்தான் சொல்கிறது. எண்டோஸ்கோபி முடிந்து ஒன்பது நாள் நன்றாகத் தூங்கினேன், பத்தாம் நாள் 'அவர்கள் குடலைப் பார்க்கவில்லையே' என்று தோன்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். கொலனோஸ்கோபி முடிந்தால் சிறுகுடல் பாக்கி இருக்கும், அது முடிந்தால் கணையம்.

ஆகவே ஒரு சோதனைக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த நோயைத் தேடி இதை எடுக்கிறோம்? முடிவு இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம்? டாக்டரால் இதற்குப் பதில் சொல்ல முடிகிற சோதனை உங்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. இளக்கமாகப் போவதால் மலத்தில் கால்புரோடெக்டின் அளவை ஒரு முறை பார்க்கலாம். குடல் புண்பட்டு அழற்சி இருந்தால் அது ஏறும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் உங்கள் வயதில் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு, விஷயம் முடிந்தது. கூடியிருந்தால் அப்போது கொலனோஸ்கோபிக்குக் காரணம் கிடைக்கும். வலி மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் கொடுக்காதீர்கள், அதனாலும் ஏறும்.

இதுவரை நான்கு டாக்டர்களைப் பார்த்திருக்கிறீர்கள். இனி ஒருவரிடம் மட்டும் போங்கள். வயிறு என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எச்சரிக்கைகளில் ஒன்று வந்தால் மட்டும் அன்றே போகலாம். ஏழு மாதமாக நாளில் பாதியைத் தின்கிற இந்தப் பயத்துக்கே சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரோ உளவியலாளரோ வாரா வாரம் உட்காரவைத்து, தொட்டுப் பார்ப்பதையும் தேடிப் படிப்பதையும் படிப்படியாக விடப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். வயிற்றில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை என்று நான் சொல்லவில்லை. சத்தமும் இளக்கமும் நிஜம். அதற்கு நீங்கள் கொடுக்கிற அர்த்தம்தான் தவறு.

கடைசியாக, கடிதத்தைப் படித்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி உங்களைப் பற்றியது இல்லை. 'இவருடைய அப்பாவுக்கு என்ன வயசு?' என்றார். இறந்தவர் உங்களுக்குப் பெரியப்பா. உங்கள் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். கூடப்பிறந்தவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தால் மற்றவருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் நாற்பதிலிருந்தே அவர்களைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு 61 என்று கடிதத்தில் இருக்கிறது, இதுவரை எதுவும் பார்த்ததில்லை என்றும் இருக்கிறது. கொலனோஸ்கோபிக்கு எடுத்துவைத்திருக்கிற பணத்தோடு அவரைக் குடல்நோய் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவருக்குக் குடலில் பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி எதுவும் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள், நீங்கள் எந்த வயதில் பார்க்க வேண்டும் என்பதும் அந்த ரிப்போர்ட்டை வைத்துத் தெரியும்.