தானியங்கி சாட்பாட் என்று பயனருக்குச் சொல்லும் அறிவிப்பை எப்படி எழுதுவது?

“எங்கள் இணையக் கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு சாட்பாட் வைத்திருக்கிறோம். பேசுவது மனிதர் அல்ல, இன்னின்னது அதனால் முடியாது என்பதை நான்கைந்து வரிகளில் எப்படி எழுதலாம்?”

இத்தகைய அறிவிப்புகளில் நான் முதலில் நீக்கும் வாக்கியம், “சில நேரங்களில் தவறான தகவல் வரக்கூடும்” என்பதுதான். அது பொய்யில்லை என்றாலும், எதில் தவறும், தவறினால் என்ன செய்வது என்று சொல்லாததால் படிப்பவருக்கு அதனால் பயனில்லை. சாட்பாட்டின் தவறு நிறுவனத்தைச் சேராது என்றும் எண்ண வேண்டாம். ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்ன வழக்கில், நிறுவனமே பொறுப்பு என்று 2024-இல் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று தீர்ப்பளித்தது.

எழுதுவதற்கு முன், சாட்பாட் எந்தத் தகவலைப் பார்க்க மட்டும் முடியும், எதை மாற்றவும் முடியும் என்று அதை அமைத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டரின் நிலையைப் பார்க்க மட்டுமே அனுமதி உள்ள சாட்பாட்கூட, சாட்ஜிபிடியில் உள்ளதைப் போன்ற மொழி மாதிரியால் இயங்குவதாக இருந்தால், “உங்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன்” என்று சரளமாகச் சொல்லிவிடக்கூடும். அதை நம்பி வாடிக்கையாளர் சாளரத்தை மூடிவிடுவார், பொருளோ வீடு வந்து சேரும். ஆகவே முடியாதவற்றைச் சொல்வதோடு, உண்மையான உறுதிப்படுத்தல் எப்படி வரும் என்பதையும் அறிவிப்பு சொல்ல வேண்டும்:

“நீங்கள் உரையாடுவது தானியங்கி சாட்பாட்டுடன், மனிதருடன் அல்ல. ஆர்டரின் நிலை, திருப்பி அனுப்பும் விதிகள் பற்றி இதனிடம் கேட்கலாம். ஆர்டரை ரத்து செய்யவோ, முகவரியை மாற்றவோ, பணத்தைத் திருப்பித் தரவோ இதனால் முடியாது. செய்துவிட்டதாக இது சொன்னாலும், எங்களிடமிருந்து மின்னஞ்சல் வராவிட்டால் அது நடக்கவில்லை. கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண் ஆகியவற்றை இங்கே எழுத வேண்டாம். ஊழியருடன் பேச ‘ஊழியர்’ என்று அனுப்புங்கள். காலை 9 முதல் மாலை 6 வரை பதில் கிடைக்கும்.”

நேரமும் வேலைகளும் உங்கள் கடைக்கு ஏற்ப மாறும். முடியாதவற்றின் பட்டியலை நீட்ட வேண்டாம். மக்கள் அதிகம் கேட்டு ஏமாறும் மூன்று வேலைகள் போதும், அவை எவை என்பது பழைய உரையாடல்களைப் படித்தாலே தெரிந்துவிடும்.

இதைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் வைக்காமல், பயனர் எதையும் எழுதுவதற்கு முன்பே உரையாடலின் முதல் செய்தியாகக் காட்டுங்கள். மேலே ஒரு பெண்ணின் பெயரும் புகைப்படமும், கீழே “தட்டச்சு செய்கிறார்” என்ற வரியும் இருந்தால் முதல் வாக்கியத்தை யாரும் நம்பமாட்டார்கள் (இந்த அலங்காரத்தை விரும்புபவர்கள் பெரும்பாலும் விளம்பரப் பிரிவினர்தான்).

வெளியிடுவதற்கு முன், நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஒருவரை இதைப் படிக்கச் செய்து, “முகவரியை மாற்ற வேண்டுமானால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். சாட்பாட்டிடமே சொல்வேன் என்று அவர் பதில் சொன்னால் அந்த வரியை மேலே கொண்டுவர வேண்டும். இரவு எட்டு மணிக்கு ‘ஊழியர்’ என்று நீங்களே அனுப்பி, என்ன பதில் வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.