கூட்டமா டூர் வரலைன்னு எப்படி எழுதறது? பெங்களூர் வாசகர் கேள்வி பதில்

மாரத்தஹள்ளி வாசகி: அக்கா, எங்க அபார்ட்மென்ட்ல நாலு தமிழ்க் குடும்பம். தசரா லீவுல மூணு நாள் கூர்க் போகலாம்னு மேல் வீட்டு அண்ணா ஏற்பாடு பண்றார். பையன் பத்தாவது, லீவுலதான் டியூஷன்ல டெஸ்ட் வைக்கிறாங்க. ஒரு வாரமா "யோசிச்சுச் சொல்றோம்"னு தள்ளிட்டு வர்றேன். அண்ணி மனசு நோகாம எப்படி எழுதறது? வேணும்னா இன்னொரு நாள் லால்பாக் போகலாமான்னு கேக்கவும் ஆசை.

இன்னிக்கே எழுதிடும்மா. "யோசிச்சுச் சொல்றோம்"னு நீங்க சொல்ற ஒவ்வொரு நாளும் அவர் உங்களையும் சேர்த்துத்தான் வேனும் ரூமும் பேசிட்டிருப்பார். வேனுக்கும் ஹோம்ஸ்டேக்கும் சேர்த்து 48,000 ரூபாய்னு வைங்க. நாலு குடும்பம்னா குடும்பத்துக்கு 12,000. நீங்க விலகினா மத்த மூணு குடும்பத்துக்கும் 16,000 ஆயிடும். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா அவர் சின்ன வண்டியா பாத்துப்பார். குடுத்தப்புறம் தெரிஞ்சா அந்த நாலாயிரம்தான் எல்லார் மனசுலயும் நிக்கும்.

இப்படி எழுதிப் பாருங்க:

"அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு,

கூர்க் பயணத்துக்கு எங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டு ரொம்ப சந்தோஷம். ஆனால் இந்த முறை எங்களால் வர முடியாது. அந்த மூன்று நாளும் பெரியவனுக்கு டியூஷனில் டெஸ்ட் இருக்கிறது. நீங்கள் வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். எங்களுக்காகத் தேதியை மாற்ற வேண்டாம். எல்லோரும் நல்லபடியாகப் போய் வாருங்கள்.

தீபாவளி முடிந்து வரும் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணிக்கு, நம் இரண்டு குடும்பம் மட்டும் லால்பாக் போகலாமா? கெம்பேகவுடா கோபுரம் இருக்கும் பாறையில் ஏறி, கண்ணாடி மாளிகை வரை நடந்துவிட்டு, வெளியே டிபன் சாப்பிட்டுப் பதினோரு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். அந்த ஞாயிறு தோதுப்படாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் எங்களுக்குச் சரி. கூர்க் கதையெல்லாம் அன்றைக்கு அண்ணி வாயால் கேட்க வேண்டும்."

"வர முடியாது"ங்கறது ரெண்டாவது வரியிலயே வந்துடுது, பாருங்க. அதைக் கடைசியில ஒளிச்சு வெச்சா, படிக்கறவங்க பாதி கடிதம் வரைக்கும் நீங்க வர்றீங்கன்னே நினைச்சுப்பாங்க. "முயற்சி பண்றோம்", "பாக்கலாம்" மாதிரி வார்த்தை எதுவும் வேண்டாம். அண்ணா அதை "வர்றாங்க"ன்னுதான் எடுத்துப்பார்.

நான் ரொம்ப முக்கியமா நினைக்கறது, நீங்க சொல்ற காரணமும் நீங்க கூப்பிடற இடமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். மூணு நாள் பையனை விட்டு நகர முடியலை, ஆனா ஒரு ஞாயிறு காலையில நாலு மணி நேரம் முடியும். இதை யாரும் நம்புவாங்க. அதே காரணத்தைச் சொல்லிட்டு "டிசம்பர்ல ரெண்டு நாள் மைசூர் போலாம்"னு எழுதினா, டெஸ்ட்டுங்கறது சாக்குன்னு அண்ணிக்கு உடனே புரிஞ்சிடும். கூர்க் மலைப்பாதை வளைவுல வாந்தி வருதுன்னு வரலைன்னா நந்தி மலைக்குக் கூப்பிடக் கூடாது, அங்கேயும் வளைவுதான்.

தேதி அவங்க ஊர் திரும்பினதுக்கு அப்புறம்தான் இருக்கணும். முன்னாடி வெச்சா அவங்க பயணத்துக்குப் போட்டியா ஒண்ணு நடத்தற மாதிரி ஆயிடும். "ஒருநாள் பாக்கலாம்"னு விட்டுட்டா அது அழைப்பே இல்லை.

ஜெயநகர் வாசகர்: காரணமே சொல்லக் கூடாதுங்க. சொன்னா மடக்கிடுவாங்க. "டெஸ்ட்டா? பையனைப் பாட்டிகிட்ட விட்டுட்டு வாங்க"ம்பாங்க.

பாதி சரிங்க. மூணு காரணம் அடுக்கினா மூணுக்கும் வழி சொல்லுவாங்க. அதனாலதான் ஒரே ஒரு காரணம், அதுவும் ஒரே வரியில. ஆனா காரணமே இல்லாத "வரலை", நம்ம ஆளுங்க நடுவுல, அதுவும் வயசுல மூத்தவங்களுக்கு, "உங்ககூட வர இஷ்டமில்லை"ன்னுதான் கேக்கும். பாட்டி யோசனை வந்தா புதுசா ஒரு காரணம் தேடாதீங்க. "இல்லண்ணா, இந்தத் தடவை நாங்க கூடவே இருக்கணும்னு முடிவு பண்ணிட்டோம்"னு சொன்னதையே மறுபடி சொல்லுங்க.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்: லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இருக்காது?

தம்பி, இங்க பேச்சு கடிதத்தைப் பத்தி. இருந்தாலும் நல்ல நேரத்துல ஞாபகப்படுத்தினீங்க. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி நடக்கற அந்தக் கண்காட்சி நாட்கள்ல ரெண்டு குடும்பமா உக்காந்து நிதானமாப் பேச முடியாது. கடிதத்துல அந்தத் தேதிகளைப் போடாதீங்க.

பானஸ்வாடி வாசகர்: எங்க கூட்டத்துல எப்பவும் டூர் ஏற்பாடு பண்றவன் நான். ஒண்ணு சொல்றேன். வாட்ஸப் குரூப்ல முதல்ல போடாதீங்க, எனக்குத் தனியா சொல்லுங்க. குரூப்ல ஒருத்தர் "வரலை"ன்னா, அரை மனசா இருக்கற இன்னும் ரெண்டு பேரும் கழண்டுக்கறாங்க.

அனுபவப்பட்டவர் சொல்றார், கேட்டுக்கோங்க. கடிதம் ஏற்பாடு பண்றவருக்கு மட்டும்தான். அவர் படிச்சப்புறம் குரூப்ல "இந்தத் தடவை நாங்க வரலை, அண்ணாகிட்ட சொல்லிட்டோம், ஃபோட்டோ அனுப்புங்க"ன்னு ஒரு வரி போதும். லால்பாக் பேச்சைக் குரூப்ல எடுக்கவே கூடாது. நம்மளைக் கூப்பிடலையேன்னு மத்த ரெண்டு வீட்டுக்கும் வருத்தம் வரும்.

ராஜாஜிநகர் வாசகர்: என் சகலை இங்கேயே பொறந்து வளர்ந்தவர். தமிழ் நல்லாப் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

அப்ப ஃபோன்ல பேசிடுங்க. மாற்று நாளையும் நேரத்தையும் மட்டும் அவருக்குப் பழக்கமான எழுத்துல அனுப்பி வைங்க.

ஹெச்.ஏ.எல். வாசகி: எனக்கு வேற மாதிரி சிக்கல். போன மாசமே "வர்றோம்"னு சொல்லியாச்சு, அட்வான்ஸும் போயாச்சு. இப்ப மாமியாருக்குக் கண் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க.

உங்க கடிதத்துல வருத்தத்துக்கு அடுத்த வரி பணமா இருக்கட்டும். "எங்கள் பங்கைத் திருப்பித் தர வேண்டாம். வேன், ரூம் பாக்கியிலும் எங்கள் பங்கை இன்றே அனுப்பிவிடுகிறேன்." அவங்க வேற குடும்பத்தைச் சேர்த்துக்கிட்டா, அவங்களே திருப்பிக் குடுப்பாங்க. சாப்பாட்டுச் செலவு உங்க தலையில வராது, அதைக் கேக்கவும் மாட்டாங்க. சின்ன அழைப்பை இந்தக் கடிதத்துல வைக்காதீங்க. மாமியார் கட்டு பிரிச்சு நடமாடினப்புறம் அவங்களை வீட்டுக்கு டிபனுக்குக் கூப்பிடுங்க.

கே.ஆர். புரம் வாசகர்: உண்மையான காரணம் பணம். பன்னெண்டாயிரம் இப்ப முடியாது. சொல்லலாமா?

இதுல என்னால ஒரே பதில் சொல்ல முடியலைங்க. "இந்த வருஷம் பெரிய செலவு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை"ன்னு எழுதலாம், அதுல பொய் இல்லை. ஆனா சில அண்ணாக்கள் உடனே "நான் போடறேன், அப்புறம் குடு"ம்பாங்க. அதை மறுக்கறது டூரை மறுக்கறதைவிடக் கஷ்டம். சொல்லாம லீவு கிடைக்கலைன்னு எழுதினா, அந்த மூணு நாளும் உங்களை லிஃப்ட்ல பாக்கறவங்க இருக்காங்க. அவர் கடன் குடுக்கற சுபாவமா இல்லையான்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு விதமாவும் எழுதி அவங்ககிட்ட காட்டுங்க. எதை அனுப்பினாலும் மாற்று அழைப்புல செலவில்லாத இடமாப் போடுங்க. கப்பன் பார்க்ல ஒரு நடை போயிட்டு வந்தாலும் போதும்.