கை முந்திக்கொள்ளும்

அக்கா, வணக்கம். கடலூரில் சைகைமொழி பெயர்ப்பாளராக இருக்கிறேன். சில மாதத்துக்கு முன் காது கேளாத ஒரு பெண்ணுக்காக மருத்துவமனையில் டாக்டரிடம் பேசினேன். கையில் எலும்பு முறிவு. இப்போது கணவர் மீது வழக்கு. அந்தப் பெண் சாட்சி சொல்லும்போது மொழிபெயர்க்க என்னையே கூப்பிடுகிறார்கள். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, வசதிதானே" என்கிறார் வக்கீல். போகலாமா?
வாசகி, மஞ்சக்குப்பம்

அன்புள்ள தங்கைக்கு,

போக வேண்டாம். உங்களுக்குத் தெரியும் என்பதுதான் சிக்கலே.

"உங்களை அடித்தாரா?" என்று கேட்பார்கள். தமிழில் அது ஒரே சொல். எதால், எங்கே என்பது அதில் இல்லை. சைகையில் அப்படி மொட்டையாகக் கேட்பது கஷ்டம். கை விரிந்திருந்தால் அறை, மூடியிருந்தால் குத்து, எதையோ பிடித்த மாதிரி இருந்தால் கட்டை. டாக்டரிடம் அவர் காட்டியதைப் பார்த்த உங்கள் கை, யோசிக்கும் முன்பே கட்டையைப் பிடித்துவிடும். அவரும் தலையாட்டுவார். வக்கீல் கேட்காத கேள்விக்கு விடை பதிவாகிவிடும். வாய் பேச முடியாத சாட்சியின் வாக்குமூலத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்பது சட்டம் (2023 சாட்சியச் சட்டம், பிரிவு 125). எதிர்த்தரப்பு அதைப் போட்டுக் காட்டினால் கெடுவது அந்தப் பெண்ணின் வழக்குதான்.

விலகும்போது, "இவருக்கு முன்பு மொழிபெயர்த்திருக்கிறேன், வேறொருவரை அமர்த்துங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மருத்துவமனை என்ற பேச்சே வேண்டாம். எனக்கு எழுதியதே அதிகம். விவரங்களை மாற்றித்தான் வெளியிட்டிருக்கிறேன்.

நாளை வேறு வழக்குக்குப் போவீர்கள். பெயர்கள், உறவுமுறை, சம்பவம் நடந்த வீட்டின் அமைப்பு ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நீதிமன்ற அனுமதியோடு சாட்சியிடம் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். வழக்கைத் தொடாதீர்கள், வந்த பஸ், காலையில் சாப்பிட்டது, இது போதும். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்தவர் என்றால் அப்போதே தெரிந்துவிடும். அப்படியானால், வீட்டுச் சைகையைப் பிடித்துக்கொள்ளக்கூடிய, காது கேளாத பெயர்ப்பாளர் ஒருவரும் கூட வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்லிவிடலாம்.

அந்த 'அடித்தாரா' அங்கேயும் வரும். உடனே நிறுத்தி, "மொழிபெயர்ப்பாளர் சொல்வது: இதைச் சைகையில் போட்டால் பதிலும் சேர்ந்து போய்விடும். 'என்ன செய்தார்' என்று கேட்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். கேள்வியை மாற்றுவதா வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும், நீங்கள் அல்ல.

அப்புறம் அந்தத் தலையாட்டல். 'புரிகிறது, மேலே சொல்' என்பதற்கும் காது கேளாதவர்கள் தலையாட்டுவார்கள். புதுச்சேரியில் ஒருமுறை அதை 'ஆமாம்' என்று சொல்லிவிட்டேன். கேள்வி முடிந்ததும் அந்த அம்மா கையை வீசி 'இல்லை' என்றார். தவறு என்னுடையது என்று எழுந்து நின்று சொல்லி, பதிவைத் திருத்த அரை மணி நேரம் ஆனது.