செங்கோணம் இல்லாத முக்கோணத்தில் எந்த விதி?

கேள்வி: செங்கோணமே இல்லாத முக்கோணத்தில் சைன் விதியா, கோசைன் விதியா, எப்படி முடிவு செய்வது?

ஒரு பக்கமும் அதற்கு நேர் எதிரே உள்ள கோணமும் ஜோடியாகத் தெரிந்தால் சைன் விதி: a/sin A = b/sin B = c/sin C. அப்படி ஒரு ஜோடிகூட இல்லையென்றால், அதாவது மூன்று பக்கங்களோ, இரு பக்கங்களும் அவற்றுக்கு நடுவிலுள்ள கோணமுமோதான் கையில் இருந்தால், கோசைன் விதி.

உதாரணமாக b = 3, c = 8, A = 60°. ஜோடி இல்லை, அதனால் a² = b² + c² − 2bc cos A = 9 + 64 − 24 = 49, a = 7. இப்போது ஜோடி கிடைத்துவிட்டது, சரி, சைன் விதியில் C கண்டுபிடிக்கலாமே என்று போனால் அங்கேதான் வம்பு: sin C ≈ 0.99, கால்குலேட்டர் 81.8° என்று காட்டும், ஆனால் 98.2°-க்கும் அதே சைன் மதிப்புதான், கால்குலேட்டர் அதைச் சொல்லாது. இங்கே 3² + 7² = 58, 8² = 64-ஐ விடக் குறைவு, எனவே C விரிகோணம், 98.2° தான் சரி.

இதைத் தவிர்க்க, சிறிய பக்கத்துக்கு எதிரான B-யை முதலில் எடுங்கள், அது எப்போதும் குறுங்கோணம்தான். 21.8° வரும், A, B இரண்டையும் 180°-இலிருந்து கழித்தால் C.