அம்பு எங்கிருந்து கிளம்புகிறது?

வணக்கம் சேர். கொழும்பில் முதலாமாண்டு மாணவருக்குச் சேதன இரசாயன டியூட்டோரியல் எடுக்கிறேன். பொறிமுறையை நான் போர்டில் எழுதும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தாங்களே எழுதும்போது அம்புகள் கண்டபடி பறக்கின்றன. சென்ற வாரம் எதைல் அசற்றேற்றின் கார நீர்ப்பகுப்புக்கு ஒருவர் OH⁻ ஐ காபனைல் காபனில் இல்லாமல் எதைல் பக்கத்து CH₂ இல் கொண்டுபோய் மோத விட்டிருந்தார். விளைபொருள் சரி. புள்ளி கொடுப்பதா, வேண்டாமா?
– வாசகி ஒருவர்

அன்புள்ள தங்கைக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையிலும் இதே வினைதான் அதிகம் ஓடியிருக்கிறது. உயர்தரம் வரை கருநாடி என்று படித்த பிள்ளை கம்பஸில் நியூக்ளியோபைலைச் சந்திக்கிறது. அந்தச் சிக்கல் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். அம்புச் சிக்கல்தான் இறுதியாண்டு வரை கூடவே வரும்.

அம்பின் வால் எங்கே வைக்கப்படுகிறது என்று பாருங்கள். பலர் OH⁻ இன் எதிர்க்குறியிலிருந்து இழுப்பார்கள், சிலர் H⁺ இலிருந்தே இழுப்பார்கள். H⁺ இடம் இலத்திரனே கிடையாது. வெறுங்கையால் எதைக் கொடுப்பது? வால் ஒரு தனிச்சோடியில் அல்லது ஒரு பிணைப்பில் தொடங்க வேண்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் நான் சிவப்புப் பேனை கொடுப்பேன். வால் எந்த இரண்டு இலத்திரனில் நிற்கிறதோ அந்த இரண்டையும் சிவப்புப் பொட்டாக வைக்க வேண்டும். அடுத்த படத்தில் அதே இரண்டு பொட்டும் அம்பு சொன்ன இடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் எசுத்தரையே எடுப்போம். CH₃COOC₂H₅ இல் காபனைல் காபனுக்கு ஏற்கனவே நான்கு பிணைப்பு: CH₃ உடன் ஒன்று, OC₂H₅ உடன் ஒன்று, இரட்டைப் பிணைப்பு ஒட்சிசனுடன் இரண்டு. OH⁻ இன் தனிச்சோடி அந்தக் காபனுக்குப் போகிறது. பெரும்பாலானவர்கள் இந்த ஒரே அம்போடு நிறுத்திவிட்டு, சரியான இடைநிலையை ஞாபகத்திலிருந்து வரைந்துவிடுவார்கள். அங்கேதான் அவர்களைப் பிடிக்க வேண்டும். விளைபொருளை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, “நீ போட்ட அம்பு சொல்வதை மட்டும் வரை” என்று சொல்லுங்கள். காபனில் ஐந்து பிணைப்பு, பத்து இலத்திரன் வந்து நிற்கும். பேனை தானாக நிற்கும். அப்புறம் இரட்டைப் பிணைப்பின் ஒரு சோடி ஒட்சிசனுக்கு ஏறும் இரண்டாவது அம்பு யாரும் சொல்லாமலே வரும். ஏற்றத்தையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: முன்னும் −1, பின்னும் −1. இப்போது அது மேலே உள்ள ஒட்சிசனில் இருக்கிறது.

அடுத்த படியில் அந்த ஒட்சிசனின் சோடி திரும்ப இறங்கி இரட்டைப் பிணைப்பாகிறது, C–OC₂H₅ பிணைப்பின் சோடி எதொட்சைட்டாக வெளியேறுகிறது. கடைசியில் எதொட்சைட்டின் தனிச்சோடி அசற்றிக் அமிலத்தின் புரோத்தனை எடுக்கிறது, O–H பிணைப்பின் சோடி ஒட்சிசனிலேயே தங்குகிறது. இந்தப் படியை அவசரமாக முடிக்காதீர்கள். அமிலத்தின் pKa ஏறத்தாழ 4.8, எதனோலுடையது 16 அளவில். இவ்வளவு வித்தியாசத்தில் புரோத்தன் திரும்பி வராது, வினை முழுமையாக முடிவது இதனால்தான்.

முதல் உதாரணத்தில் எல்லா அம்பையும் நீங்களே போடுங்கள். இரண்டாவதில், மெதைல் பென்சோவேற்று என்று வைப்போம், கடைசிப் படியின் அம்புகளை மட்டும் அழித்துக் கொடுங்கள். மூன்றாவதில் கடைசி இரண்டு படி. வெற்றுத்தாள் அதற்குப் பிறகுதான். முன்னிருந்து அழித்தால் முதல் அடியிலேயே வழுக்கி, மிச்சமெல்லாம் தவறாகப் போய்விடும்.

சரி, அந்த மாணவரின் விடை. அம்பு இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. தனிச்சோடி CH₂ காபனுக்குப் போகிறது, C–O பிணைப்பின் சோடி ஒட்சிசனுக்குப் போகிறது, அசற்றேற்றும் எதனோலும் கிடைக்கின்றன. ஆனால் இலக்கணம் சரியென்றால் நடந்ததும் அதுதான் என்று ஆகாது. 1934இல் பொலான்யியும் சாபோவும் பென்டைல் அசற்றேற்றை ¹⁸O செறிந்த நீரில் கார நீர்ப்பகுப்புக்கு உட்படுத்தினார்கள். அந்த மாணவர் வரைந்த வழியில் போயிருந்தால் கனமான ஒட்சிசன் அற்ககோலில் இருக்க வேண்டும். அற்ககோலில் அது இல்லை. ஆக, உடைந்தது காபனைல் பக்கத்துப் பிணைப்பு.

நானென்றால் அம்புக்கான புள்ளியை முழுதாகக் கொடுப்பேன், பாதைக்கான புள்ளியை வெட்டுவேன். வெட்டிய இடத்தில், “¹⁸O எங்கே போயிருக்கும்?” என்று மட்டும் எழுதி, அடுத்த டியூட்டோரியலில் அவரையே போர்டுக்குக் கூப்பிடுவேன்.