மே மாதச் சேலத்துக்கு வைட்டமின் சி சீரம் கொண்டு போகலாமா?

"அக்கா, நான் போன செப்டம்பரில்தான் அஸ்தம்பட்டியிலிருந்து லீட்ஸ் வந்தேன். மே மாதம் அண்ணன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறேன், நடுவில் ஏற்காடும் உண்டு. இங்கே வாங்கிய வைட்டமின் சி சீரமும், பருவுக்கு டாக்டர் கொடுத்த ஜெல்லும் அந்த வெயிலில் தாங்குமா? எப்படிக் கொண்டு போவது?"

ஜெல்லைக் கொண்டு போங்கள். சீரத்தைப் பொறுத்தவரை, இப்போது திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டிலை லீட்ஸ் ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு, திறக்காத சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துப் போங்கள். பதினைந்து மில்லியில் கிடைத்தால் அதுவே போதும். தினமும் நாலைந்து சொட்டு என்றால் ஒரு மாதத்துக்கு ஆறு, ஏழு மில்லிதான் செலவாகும்.

பாட்டிலின் பின்பக்கம் உள்ள பட்டியலில் அஸ்கார்பிக் ஆசிட் என்று மட்டும் இருந்தால் நான் சொல்வது முழுக்க உங்களுக்குத்தான். அஸ்கார்பில் குளுக்கோசைடு, சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் மாதிரி நீண்ட பெயர் இருந்தால் அது மாற்றியமைத்த வகை. வீரியம் கொஞ்சம் குறைவு, ஆனால் வெயிலை நன்றாகவே தாங்கும். அதை இவ்வளவு பொத்திப் பாதுகாக்க வேண்டியதில்லை.

சுத்தமான அஸ்கார்பிக் ஆசிட் தண்ணீரில் கரைந்த நிமிடத்திலிருந்தே கெடத் தொடங்கிவிடும். பாட்டிலுக்குள் நுழையும் ஆக்சிஜன் அதை முதலில் டீஹைட்ரோ அஸ்கார்பிக் ஆசிடாக மாற்றும். இந்தக் கட்டம் வரை திரும்ப வழியுண்டு. அதற்கும் அடுத்த படிக்குப் போய்விட்டால் திரும்பாது. மஞ்சளும் பழுப்பும் அங்கேதான் வருகின்றன. வெயில் இந்த வேலையைப் புதிதாக ஆரம்பித்து வைப்பதில்லை, நடப்பதை வேகமாக்குகிறது. பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் சொல்லும் தோராயக் கணக்கு. லீட்ஸ் குளியலறை 18, 20 டிகிரியில் இருக்கும். மே மாதத்தில் சேலத்து மாடி அறை பகலில் 36, 38-க்குப் போகும், கான்கிரீட் கூரை ராத்திரியிலும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆக, அங்கே மூன்று நாலு மாதம் வந்திருக்க வேண்டிய பாட்டில் இங்கே ஒரே மாதத்தில் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். ஏற்கெனவே திறந்த பாட்டிலென்றால் பாதி ஆயுள் முன்பே போயிருக்கும். அதனால்தான் அதை விட்டுவிட்டு வரச் சொல்கிறேன். சீல் உடையாத பாட்டிலில் காற்று மிகக் குறைவு என்பதால் பயணச் சூட்டை அது பெரும்பாலும் தாங்கிவிடும்.

நிறைய பேர் பெரிய பாட்டிலிலிருந்து குட்டி டப்பாவுக்கு ஊற்றி எடுத்துப் போகிறார்கள். க்ரீமுக்கு அது சரி. இந்தச் சீரத்துக்கு மட்டும் வேண்டாம். ஊற்றும்போதே காற்று கலந்துவிடும், டப்பாவும் பெரும்பாலும் வெளிச்சம் புகும் பிளாஸ்டிக்காக இருக்கும்.

இனிப் பயணம். பாட்டிலைக் கைப்பையில்தான் வையுங்கள். நூறு மில்லி விதியெல்லாம் இதற்குப் பிரச்சினையே இல்லை. வளைகுடா வழியாக வந்தால், மே மாதத்தில் பெட்டிகள் ஓடுதளத்தில் வண்டியில் காத்துக்கிடக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் இன்னும் மோசம். ஐஸ் ஜெல் பை எதுவும் வேண்டாம். உருகியிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் அதையும் திரவமாகக் கணக்கெடுப்பார்கள், தேவையில்லாத விவாதம். டிபன் பை மாதிரி உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய சின்னப் பை போதும். சில மணி நேரத்துக்குச் சூட்டைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான் அதன் வேலை.

விமானத்தை விடப் பெரிய ஆபத்து பெங்களூரிலிருந்து சேலம் வரும் கார் பயணம். சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனால் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ சாப்பிட நிறுத்தாமல் யாரும் வருவதில்லை. வெயிலில் நிறுத்திய கார்களை அரிசோனாவில் அளந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் காரின் உள்ளே சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டில் 69 டிகிரி. நிழலில் நிறுத்திய காரில் 38 டிகிரிதான். ஆகவே சாப்பிட இறங்கும்போது கைப்பையும் உங்களோடு இறங்கட்டும். டிரைவர் ஏசியை ஓடவிட்டே நிற்கிறேன் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ். அதிலும் எங்கே என்பது முக்கியம். கதவு வேண்டாம். கல்யாண வீட்டில் பால், மோர், தண்ணீர் என்று நிமிடத்துக்கு ஒரு முறை திறப்பார்கள், கதவோரம்தான் சூடு ஏறும். மேல் தட்டும் வேண்டாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே வைத்த பொருள் சில சமயம் உறைந்துவிடும். காய்கறி டிரேதான் சரியான இடம். மாவு வாசனையும் மல்லிகைச் சரத்தின் ஈரமும் படாமல் இருக்க, மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்து டிரேயின் மூலையில் தள்ளிவிடுங்கள். மாம்பழக் காலம் வேறு. டப்பாவின் மேல் பெயரை எழுதாவிட்டால் யாராவது எடுத்து வெளியே வைத்துவிட்டு மல்கோவாவை அடுக்கிவிடுவார்கள். பராமரிப்பு மின்தடை அன்று பதறாதீர்கள். திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனாலும் ஒரு பகல் சூட்டில் சீரம் செத்துவிடாது. தினம் தினம் வெளியே கிடப்பதுதான் அதைக் கொல்லும். பீரோவில் துணிக்கு நடுவே வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று அம்மா சொல்வார்கள். வெளிச்சம் படாது என்ற அளவில் சரி, ஆனால் மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ சாயங்காலம் தொட்டாலே சுடும்.

பயன்படுத்தும்போதும் ஒரு கவனம் வேண்டும். டிராப்பரைச் சீரத்துக்குள் விட்டு ரப்பரை அமுக்கி அமுக்கிக் குமிழி விடாதீர்கள், ஒவ்வொரு அமுக்கலும் உள்ளே காற்றைத் தள்ளும். எடுத்தீர்களா, நாலைந்து சொட்டு உள்ளங்கையில் விட்டீர்களா, உடனே மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஈரக் கையோடு குளியலறைக்குள் கொண்டு போக வேண்டாம். குளிர்ந்த டிராப்பரில் நீராவி படிந்து உள்ளே இறங்கும்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? திறந்த முதல் நாளே ஒரு வெள்ளைச் சாஸரில் ஒரு சொட்டு விட்டு, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபெருலிக் ஆசிட் சேர்ந்த சீரங்கள் முதல் நாளிலேயே லேசான வைக்கோல் நிறத்தில் இருக்கலாம், அது கெட்டதல்ல. வாரம் ஒரு முறை அதே சாஸரில் ஒரு சொட்டு விட்டுப் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் கொஞ்சம் கூடியிருந்தால் வீரியம் குறைந்திருக்கிறது, போடலாம். ஆரஞ்சு அல்லது டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். விரல் நுனியிலும் தலையணை உறையிலும் மஞ்சள் கறை பிடிப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கழுத்துக்கும் கைக்கும் தேய்த்துத் தீர்ப்பவர்கள் உண்டு. கறைதான் மிஞ்சும்.

ஏற்காட்டுக்குச் சீரத்தைக் கொண்டு போகாதீர்கள். இரண்டு நாள் போடாவிட்டால் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. மேலே குளுமைதான், சேலத்தை விட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்குப் பக்கத்தில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கையில் காற்றழுத்தம் 13 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். பாதி காலியான பாட்டிலில் உள்ள காற்று விரிந்து, சீரத்தை டிராப்பர் வழியே மேலே தள்ளும். மேலே போய்த் திறந்தால் வழிந்துவிடும். கீழே இறங்கும்போது புதுக் காற்றை உள்ளே இழுக்கும். விமானத்திலும் இதே கதைதான். கேபின் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடாக இருக்கும், அதாவது ஏற்காட்டை விட உயரம். திரும்பி லீட்ஸ் வரும்போது பாட்டிலில் மிச்சம் இருந்தால் மூடியை இறுக்கி, ஜிப் பையில் போட்டு, நிமிர்த்தியே வையுங்கள். சன்ஸ்கிரீன் மட்டும் ஏற்காட்டுக்குக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதைக் காரிலோ படகுத் துறை வெயிலிலோ விடாமல் துண்டில் சுற்றி வைத்தால் போதும். பிதுக்கும்போது தண்ணீர் தனியாக, கட்டி தனியாக வந்தால் அது பிரிந்துவிட்டது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்டர் கொடுத்த ஜெல் எது என்று நீங்கள் சொல்லவில்லை. கிளிண்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்தது என்றால், பிரிட்டனில் மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் வரை அதை ஃப்ரிட்ஜில்தான் வைத்திருப்பார். உங்கள் கைக்கு வந்த பிறகு 25 டிகிரிக்குக் கீழே வைத்து இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். மே மாதச் சேலத்தில் 25 டிகிரிக்குக் கீழே உள்ள ஒரே இடம் ஃப்ரிட்ஜ்தான். ஆகவே சீரம் இருக்கும் அதே டப்பாவில் வையுங்கள், உறைய மட்டும் விடாதீர்கள். பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்து பென்சீன் உண்டாகலாம் என்று 2024-ல் பெரிய பேச்சு எழுந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 95 பொருட்களைச் சோதித்ததன் முடிவைச் சொன்னது. பெரும்பாலானவற்றில் பென்சீன் கண்டுபிடிக்க முடியாத அளவில் அல்லது மிகமிகக் குறைவாக இருந்தது, விரல்விட்டு எண்ணும் சிலவற்றை மட்டும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். எனவே பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் வெயிலில் நின்ற காருக்குள் ஒரு பகல் முழுக்க கிடந்த டியூப் என்றால் நான் அதை முகத்தில் போட மாட்டேன். மருந்துக் கடையில் வாங்கிய தேதியைப் பேனாவால் டியூபின் மேலேயே எழுதிவிடுங்கள். கல்யாண வேலையில் பெட்டியை யாரேனும் குப்பையில் போட்டிருப்பார்கள்.